கல்யாண மண்டபத்துக்கு நிகழ்ச்சி வாடகையை நிர்ணயிப்பது எப்படி: மண்டப உரிமையாளருக்கு ஓர் அடக்கவிலைக் கணக்கரின் கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நீங்கள் அனுப்பிய ஐந்து ஆண்டு வரவு செலவுக் கணக்கும் முன்பதிவு நோட்டும் வந்து சேர்ந்தன. ஒரு நிகழ்ச்சிக்கு எவ்வளவு வாடகை வைத்தால் கட்டுப்படியாகும் என்று கேட்டிருந்தீர்கள். அதற்கு ஒரே எண்ணைச் சொல்லி முடித்துவிட முடியாது. எந்த நாள், எவ்வளவு நேரம், அந்த நேரத்தை வேறு யாராவது கேட்பார்களா என்பதைப் பொறுத்து எண் மாறும். ஆனால் அந்த எண்களுக்கு வந்து சேரும் வழி ஒன்றுதான். அதைப் படிப்படியாக எழுதுகிறேன், அடுத்த ஆண்டு நீங்களே போட்டுக்கொள்ளலாம். தொகைகளை எல்லாம் ஆயிரத்தில் எழுதியிருக்கிறேன். 95 என்றால் 95 ஆயிரம்.

இப்போதைய கணக்கு எங்கே இடிக்கிறது

போன ஆண்டு 60 கல்யாணம், 36 சிறிய நிகழ்ச்சி, ஆக 96. படி 2-இல் நான் சேர்க்கும் நான்கு தொகைகள் உட்பட எல்லாச் செலவையும் கூட்டினால் 7,080. மொத்தச் செலவை நிகழ்ச்சிகளின் எண்ணிக்கையால் வகுப்பது உங்கள் கணக்குப்பிள்ளையின் வழி. அந்த வழியில் 7,080-ஐ 96-ஆல் வகுத்தால் ஒரு நிகழ்ச்சிக்கு 73.75 அடக்கம் என்று வருகிறது. கல்யாணத்துக்கு 95 வாங்குகிறீர்கள், அதில் 21 லாபம் என்று தோன்றுகிறது. சிறிய நிகழ்ச்சிக்குச் சராசரியாக 45 வாங்கியிருக்கிறீர்கள், அதில் 29 நஷ்டம் என்று தோன்றுகிறது. அதனால்தான் இந்த ஆண்டு 40-க்குக் கேட்டு வந்தவர்களைத் திருப்பி அனுப்பியதாகச் சொன்னீர்கள்.

அதே வழியில் இன்னும் ஒரு வருடம் போய்ப் பார்ப்போம். நஷ்டம் என்று நினைத்து 36 சிறிய நிகழ்ச்சிகளையும் விட்டுவிடுகிறீர்கள். அவற்றோடு சேர்ந்து குறையும் செலவு வெறும் 360தான். வாட்ச்மேன் சம்பளமும் சொத்து வரியும் குறையாது. மீதம் 6,720-ஐ 60 கல்யாணத்தால் வகுத்தால் ஒன்றுக்கு 112. கல்யாணத்தில் எந்த மாற்றமும் இல்லை, ஆனால் காகிதத்தில் அதன் அடக்கம் 73.75-லிருந்து 112 ஆகிவிட்டது. இனி 95-க்குக் கல்யாணம் நடத்துவதும் நஷ்டம் என்று அந்தக் காகிதம் சொல்லும். வாடகையை ஏற்றுவீர்கள், சிலர் விலகுவார்கள், வகுக்கும் எண் மேலும் சுருங்கும், அடக்கம் மேலும் ஏறும். ஓடிக்கொண்டிருந்த மண்டபங்கள் இந்தச் சுழலில் மாட்டிக் காலியாவதுண்டு.

இதில் இரண்டு கோளாறுகள் உள்ளன. மண்டபத்தை ஒன்றரை நாள் பிடித்துக்கொள்ளும் கல்யாணமும் அரை நாளில் முடியும் நிகழ்ச்சியும் ஒரே பாரத்தைச் சுமக்கின்றன. இரண்டாவது, மண்டபம் காலியாகக் கிடந்த நாளின் செலவையும் வந்தவர்கள் தலையில் ஏற்றியிருக்கிறோம். கீழே வரும் படிகள் இந்த இரண்டையும் சரிசெய்வதற்குத்தான்.

படி 1: நிற்கும் செலவு, நிகழ்ச்சிச் செலவு

ஒவ்வொரு செலவையும் பார்த்து ஒரே கேள்வி கேளுங்கள்: இந்த வாரம் ஒரு நிகழ்ச்சி கூடுதலாக நடந்தால் இந்தச் செலவு கூடுமா? கூடாது என்றால் அது நிற்கும் செலவு. கூடும் என்றால் நிகழ்ச்சிச் செலவு.

உங்கள் கணக்கில் நிற்கும் செலவு ஆண்டுக்கு இப்படி வருகிறது:

| செலவு | ஆண்டுக்கு |
|---|---|
| நிரந்தர ஊழியர் சம்பளம் | 2,160 |
| சொத்து வரி, உரிமக் கட்டணம், காப்பீடு | 360 |
| மின்சாரத்தின் நிலைக் கட்டணம், இரவு விளக்கு | 240 |
| பழுது, வர்ணம் | 600 |
| சாமான்களின் தேய்மானம் | 900 |
| கட்டிடத் தேய்மானம் | 600 |
| அலுவலகம், விளம்பரம் | 180 |
| உங்கள் உழைப்புக்குச் சம்பளம் | 360 |
| மொத்தம் | 5,400 |

நிகழ்ச்சிச் செலவில், ஒரு கல்யாணத்துக்குக் கூலி ஆட்களுக்கு 6, தண்ணீர் லாரிக்கு 2.5, குப்பையும் கழிவும் அகற்ற 2, விரிப்பு, திரை சலவைக்கு 1.5, உடைசல் போன்ற சில்லறைகளுக்கு 1, ஆக 13 ஆகிறது. சிறிய நிகழ்ச்சிக்கு இதெல்லாம் சேர்ந்து 6. மின்சாரமும் டீசலும் இதில் சேராது, தனியாக வரும்.

மின்சார பில்லில்தான் நிற்பதும் ஓடுவதும் கலந்து கிடக்கிறது. பிரிக்க ஒரு எளிய வழி உண்டு. கல்யாணம் மட்டுமே நடந்த இரண்டு மாதங்களை எடுத்தேன். 14 கல்யாணம் நடந்த மாதத்தில் பில் 146, 3 நடந்த மாதத்தில் 47. வித்தியாசம் 99-ஐ 11 கல்யாணத்தால் வகுத்தால் ஒன்றுக்கு 9. 47-லிருந்து மூன்று ஒன்பது 27-ஐக் கழித்தால் மாதத்துக்கு 20 நிற்கிறது, ஆண்டுக்கு 240. இப்படிப் பார்க்கும்போது வெயில் மாதத்தையும் குளிர் மாதத்தையும் ஒப்பிட்டுவிடாதீர்கள். ஏசி ஓடும் அளவே வேறு என்பதால் கணக்கு கோணிப்போகும். சாவி கொடுக்கும்போது ஒரு முறை, வாங்கும்போது ஒரு முறை என்று மீட்டரை எழுதிவைத்தால் இந்த ஊகமே வேண்டாம்.

படி 2: கையை விட்டுப் போகாத செலவுகள்

மேலே உள்ள 5,400-இல் நான்கு தொகைகள் உங்கள் பண நோட்டில் இல்லை. நான் சேர்த்தவை. நியாயமாக நீங்கள் கேள்வி கேட்கும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன்.

ஏசியைப் புதிதாக மாற்ற இன்றைக்கு 3,000 ஆகும், பத்து ஆண்டு உழைக்கும், எனவே ஆண்டுக்கு 300. நாற்காலி, மேசை 900, ஆறு ஆண்டு, 150. ஜெனரேட்டர் 1,200, பதினைந்து ஆண்டு, 80. இப்படியே லிஃப்ட், சமையல் பாத்திரம், விளக்கு, ஒலிபெருக்கி, அறைகளின் கட்டில் மெத்தை, பம்ப் எல்லாம் சேர்த்து 900 வந்தது. வாங்கிய விலையைப் போடவில்லை, இன்று வாங்கினால் என்ன விலையோ அதைப் போட்டிருக்கிறேன். வரிக் கணக்குக்குப் போடும் தேய்மானம் வேறு. அந்த விகிதங்களை இங்கே கொண்டுவர வேண்டாம். கட்டிடத்துக்கு மட்டும், கட்டிய செலவு 24,000-ஐ 40 ஆண்டால் வகுத்து 600 வைத்தேன். நான்கு ஆண்டுக்கு ஒரு முறை அடிக்கும் வர்ணம் 1,200. போன ஆண்டு அடிக்கவில்லை என்றாலும் 300 அந்த ஆண்டின் செலவுதான். நீங்கள் தினமும் வந்து உட்கார்ந்து பார்க்கும் வேலைக்கு ஒரு மேலாளரை வைத்தால் கூடுதலாக என்ன கொடுப்பீர்களோ அது 360.

இந்த நான்கையும் விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பது போன ஆண்டுக் கணக்கிலேயே தெரிகிறது. வரவு 7,320. கையை விட்டுப் போன பணம் 4,920. மீதி 2,400 வங்கியில் நின்றது, நல்ல வருடம் என்று நினைத்தீர்கள். அந்த 2,400-இல் 900 சாமான்கள் தேய்ந்தது, 600 கட்டிடம் தேய்ந்தது, 300 அடிக்காத வர்ணம், 360 உங்கள் சம்பளம். உண்மையில் மிஞ்சியது 240. வங்கிக் கடனுக்கு நீங்கள் கட்டிய வட்டியோ 700. அதாவது வட்டியின் பெரும்பகுதியை ஏசியும் நாற்காலியும் கட்டியிருக்கின்றன.

வட்டியை நான் செலவில் சேர்க்காததைக் கவனித்திருப்பீர்கள். காரணம் உண்டு. கடன் வாங்கிக் கட்டினாலும் கைப்பணத்தில் கட்டினாலும் மண்டபம் ஒன்றுதான், அதன் அடக்கமும் ஒன்றுதான். அதற்குப் பதில், போட்ட முதலுக்கு ஒரு வருமானம் கேட்கிறோம். கட்டிடம் இன்றைய கணக்குப்படி 18,000, சாமான்கள் 6,000, ஆக 24,000. நீங்கள் சொன்ன பத்து விழுக்காடு வைத்தால் 2,400. வட்டி 700 இதற்குள்ளிருந்து போகும், மீதி 1,700 உங்களுடையது. வட்டியைச் செலவிலும் போட்டு, முழு முதலுக்கு வருமானமும் கேட்டால் ஒரே பணத்தை இரண்டு முறை வசூலிப்பதாகும். நிலத்தின் மதிப்பை நான் சேர்க்கவில்லை. மண்டபத்தை நடத்துவதா, நிலத்தை விற்பதா என்று யோசிக்கும் நாளில் அது கட்டாயம் வரவேண்டும். வாடகைக் கணக்கில் அதைப் போட்டால் யாரும் கொடுக்க முடியாத வாடகைதான் கிடைக்கும்.

ஆக, ஆண்டுக்கு மண்டபம் திரட்டித் தரவேண்டியது 5,400 + 2,400 = 7,800. இது நிகழ்ச்சிச் செலவு போக நிற்கவேண்டிய தொகை.

படி 3: எதால் வகுப்பது

கணக்கின் உயிர் இந்தப் படியில் இருக்கிறது.

முதலில் அலகு. நிகழ்ச்சிகளை எண்ணுவதை விட்டுவிட்டு, மண்டபம் எத்தனை வேளை பிடிபட்டது என்று எண்ணுங்கள். ஒரு வேளை என்பது 12 மணி நேரம்; ஒரு நாளுக்கு இரண்டு. ஒரு கல்யாணம் மூன்று வேளை எடுத்துக்கொள்கிறது: அலங்காரம் செய்ய முந்தின வேளை, நிகழ்ச்சிக்கு ஒன்று, காலி செய்து கழுவி முடிக்க ஒன்று. சிறிய நிகழ்ச்சி ஒரு வேளையில் முடிகிறது. கழுவும் நேரத்தில் மண்டபத்தை வேறொருவருக்குக் கொடுக்க முடியாது என்றால் அதுவும் பிடிபட்ட வேளைதான். இதை விட்டுவிடுவது வழக்கமாக நடக்கும் தவறு. போன ஆண்டு 60 கல்யாணத்துக்கு 180, சிறியவற்றுக்கு 36, ஆக 216 வேளை.

அடுத்தது, எத்தனை வேளை. ஆண்டில் இருப்பது 730. பராமரிப்புக்கு 15 நாள் போனால் 700. அந்த எண்ணால் வகுத்தால் வாடகை அழகாகக் குறைந்து தெரியும், ஆனால் 700 வேளையும் எந்த மண்டபத்துக்கும் நிரம்பாது. போன ஆண்டின் 216-ஆல் வகுத்தால் ஒரு மந்தமான ஆண்டின் பாரம் அடுத்த ஆண்டு வருபவர் தலையில் ஏறும். இரண்டுக்கும் நடுவே, வழக்கமான ஓர் ஆண்டில் எவ்வளவு நிரம்புகிறதோ அதை எடுக்கிறோம். உங்கள் நோட்டில் ஐந்து ஆண்டும் முறையே 252, 246, 70, 246, 216. எழுபது வந்த ஆண்டில் புதுப்பிப்பு வேலைக்காக மண்டபம் பெரும்பாலும் மூடியிருந்தது, அதை நீக்கிவிடலாம். மற்ற நான்கின் சராசரி 240. நம் வகுக்கும் எண் அதுதான்.

5,400-ஐ 240-ஆல் வகுத்தால் ஒரு வேளைக்கு 22.5. முதலின் வருமானத்தையும் சேர்த்து 7,800 என்றால் 32.5.

படி 4: நிகழ்ச்சியின் உண்மையான அடக்கம்

இப்போது போன ஆண்டை மறுபடி பாருங்கள். கல்யாணத்துக்கு மூன்று வேளை 67.5, நிகழ்ச்சிச் செலவு 13, மின்சாரம் 9, ஆக 89.5. நீங்கள் எல்லாம் உட்பட வாங்கியது 95. மிஞ்சுவது 5.5. சிறிய நிகழ்ச்சிக்கு ஒரு வேளை 22.5, செலவு 6, மின்சாரம் 4, ஆக 32.5. வாங்கியது 45. மிஞ்சுவது 12.5. வேளைக் கணக்கில் பார்த்தால் கல்யாணம் தந்தது வேளைக்கு 2-க்கும் குறைவு. நஷ்டம் என்று நீங்கள் திருப்பி அனுப்பிய வகை நிகழ்ச்சி 12.5 தந்தது.

கணக்கு நேராகிறதா என்று சரிபார்ப்போம். 60 × 5.5 = 330. 36 × 12.5 = 450. கூட்டினால் 780. வழக்கத்தைவிட 24 வேளை குறைவாக நிரம்பியதால் மீளாமல் போன நிற்கும் செலவு 24 × 22.5 = 540. கழித்தால் 240. படி 2-இல் வந்த அதே மிச்சம். காலியாக இருந்ததன் நஷ்டத்தை இப்படித் தனி வரியில் வைப்பதுதான் முக்கியம். அது ஆள்பிடிக்கும் வேலை போதாததைச் சொல்கிறது, அதை வாடகையில் ஏற்றி மறைக்கக் கூடாது.

படி 5: நாளுக்கேற்ற வாடகை

முதலின் வருமானத்தோடு, மின்சாரம் நீங்கலாக, கல்யாணத்துக்கு 3 × 32.5 + 13 = 110.5 வரவேண்டும். சிறியதற்கு 38.5. ஆனால் இதையே எல்லா நாளுக்கும் ஒரே பலகையில் எழுதி மாட்ட வேண்டாம். எல்லாரும் கேட்கும் நாளும் யாரும் கேட்காத நாளும் ஒரே சரக்கு அல்ல. இந்த எண் ஆண்டு முழுவதற்கும் வரவேண்டிய சராசரி, அவ்வளவுதான்.

நெரிசல் நாள் எது என்று ஊகிக்காமல் நோட்டிலிருந்து எடுக்கவேண்டும். உங்கள் நோட்டில் முன்பதிவு ஆனவை மட்டுமே இருக்கின்றன. ‘இல்லை’ என்று சொல்லி அனுப்பியவர்களையும் தேதியோடு எழுதச் சொல்லுங்கள். ஒரு தேதிக்கு இரண்டு பேருக்கு மேல் திரும்பிப் போயிருந்தால் அது நெரிசல் நாள். உங்கள் வாடகை அந்த நாளுக்குக் குறைவு என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. இப்போதைக்கு உங்கள் கணக்குப்பிள்ளை நினைவிலிருந்து குறித்துக் கொடுத்த தேதிகளை வைத்துப் பிரித்தேன். வழக்கமான ஆண்டின் 240 வேளையில், நெரிசல் நாள் கல்யாணம் 36, சாதாரண நாள் கல்யாணம் 30, சிறிய நிகழ்ச்சி 42.

7,800-ஐத் திரட்ட ஒரு ஏற்பாடு இது. வாடகையில் மின்சாரம் சேரவில்லை.

| நிகழ்ச்சி | வாடகை | செலவு போக | எண்ணிக்கை | திரள்வது |
|---|---|---|---|---|
| நெரிசல் நாள் கல்யாணம் | 125 | 112 | 36 | 4,032 |
| சாதாரண நாள் கல்யாணம் | 92 | 79 | 30 | 2,370 |
| சிறிய நிகழ்ச்சி | 40 | 34 | 42 | 1,428 |
| மொத்தம் | | | | 7,830 |

சாதாரண நாள் கல்யாணத்துக்கு வருபவர் மின்சாரத்தோடு 101 கொடுப்பார், முன்பு 95. அது பெரிய ஏற்றம் அல்ல. நெரிசல் நாளில் 134 ஆகிறது. அது பெரிய தாவல்தான். அதனால் ஒரே அடியில் ஏற்ற வேண்டாம் என்பது என் கருத்து. இனி வரும் முன்பதிவுக்கு முதலில் 110 வையுங்கள். அந்தத் தேதிகள் முன்போலவே சீக்கிரம் நிரம்பினால் அடுத்த சுற்றில் 125. நிரம்புவது தாமதமானால் அந்த விலை எங்கே நிற்கிறது என்பது தெரிந்துவிடும். ஏற்கெனவே முன்பணம் வாங்கியவர்களிடம் பழைய வாடகைதான்.

பக்கத்து மண்டபம் 80 வாங்குகிறது என்று எழுதியிருந்தீர்கள். அந்த 80-இல் என்னென்ன அடக்கம், எத்தனை மணி நேரம், மின்சாரம் உண்டா என்று விசாரித்த பிறகே ஒப்பிடுங்கள். அப்படியும் குறைவாக இருந்தால், சாதாரண நாளில் அது உங்களைக் கட்டுப்படுத்தும், நெரிசல் நாளில் கட்டுப்படுத்தாது. அன்றைக்கு அந்த மண்டபமும் நிரம்பித்தானே இருக்கும்.

படி 6: எதுவரை இறங்கலாம்

பேரம் பேச வருபவரிடம் எங்கே நிறுத்துவது? காலியாகவே கிடக்கப்போகும் வேளை என்றால், அந்த நிகழ்ச்சியால் புதிதாக ஏற்படும் செலவுதான் அடிமட்டம். சிறிய நிகழ்ச்சிக்கு 6, மின்சாரம் தனி. அதற்கு மேல் வரும் ஒவ்வொரு காசும் நிற்கும் செலவைக் கொஞ்சம் குறைக்கும். 25-க்குக் கேட்டால் 19 மிஞ்சும். வேளைக்கு வரவேண்டிய 22.5-ஐவிடக் குறைவுதான், ஆனால் மறுத்தால் அந்த 19-உம் வராது.

ஆனால் ‘காலியாகவே கிடக்கப்போகும்’ என்ற நிபந்தனையை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆறு மாதம் கழித்து வரும் ஒரு நெரிசல் நாளின் காலை வேளையை ஒருவர் சிறிய விருந்துக்குக் கேட்கிறார், 60 தருகிறேன் என்கிறார். 40 வாங்கும் இடத்தில் 60 கிடைக்கிறதே என்று கொடுத்துவிடத் தோன்றும். அந்த ஒரு வேளை போனால் மூன்று வேளையாக வரவேண்டிய கல்யாணம் அந்த நாளில் நுழைய முடியாது. இழப்பது 112. கல்யாணம் நிச்சயம் வரும் என்றால் அந்த விருந்துக்கு அடிமட்டம் 112 + 6 = 118. அப்படிப்பட்ட நாட்களில் நான்கில் மூன்று கல்யாணத்தால் நிரம்புகின்றன என்றால் 112-இல் முக்கால் பங்கு 84, அதோடு 6 சேர்த்து 90. அறுபதுக்குக் கொடுத்தால் நஷ்டம். அந்த நஷ்டம் எந்தக் கணக்குப் புத்தகத்திலும் எழுதப்படாது என்பதால்தான் அது தொடர்ந்து நடக்கிறது.

தேதி நெருங்க நெருங்க இந்த அடிமட்டம் இறங்கும். எப்போது இறக்குவது என்பதற்கு நோட்டே விடை சொல்லும்: கல்யாணங்கள் எத்தனை நாள் முன்பு பதிவாகின்றன என்று எண்ணிப் பாருங்கள். பத்தில் ஒன்பது கல்யாணம் 90 நாளுக்கு முன்பே பதிவாகிவிடுகிறது என்றால், தேதிக்கு 90 நாளே இருக்கும்போதும் காலியாக இருக்கும் நாளைச் சிறிய நிகழ்ச்சிகளுக்குத் திறந்துவிடலாம். அதற்கு முன் திறக்க வேண்டாம்.

சலுகையில் இன்னொரு ஆபத்தும் உண்டு. 25-க்குக் கொடுத்தது வெளியே தெரிந்தால், 40 கொடுத்துக்கொண்டிருப்பவரும் 25 கேட்பார். அதனால் சலுகைக்கு ஒரு காரணம் ஒட்டியிருக்க வேண்டும்: கடைசி 30 நாளுக்குள் கேட்பவர், அல்லது சமையல்கூடம் வேண்டாம் என்பவர். முகத்தைப் பார்த்துக் குறைக்காதீர்கள்.

படி 7: வாடகைக்குள் போடக்கூடாதவை

மின்சாரத்தையும் ஜெனரேட்டரையும் மீட்டர்படி தனியாக வாங்குங்கள். உள்ளே அடக்கிவிட்டால், ஏசியை ராத்திரி முழுக்க ஓடவிடுபவரின் செலவைச் சிக்கனமாக இருப்பவர் கட்டுகிறார். யூனிட்டுக்கு உங்களுக்கு வரும் கட்டணத்தை மட்டும் போட்டால் போதும். அதில் லாபம் வைத்தால் சண்டைதான் மிச்சம். ஜெனரேட்டருக்கு மணிக் கணக்கு. தொட்டியை நிரப்பி, ஒரு நிகழ்ச்சிக்கு எத்தனை மணி ஓடியது என்று பார்த்து, மறுபடி நிரப்பினால் மணிக்கு எத்தனை லிட்டர் என்று தெரிந்துவிடும். அதோடு ஆயில், ஃபில்டர், சர்வீஸ் செலவை ஓடிய மணிகளால் வகுத்துச் சேருங்கள். இந்தத் தொகையைப் படி 1-இல் பழுதுச் செலவிலும் விட்டுவைக்காதீர்கள்.

நேரம் தாண்டிக் காலி செய்பவருக்கு எவ்வளவு போடுவது என்று கேட்டிருந்தீர்கள். 22.5-ஐ 12-ஆல் வகுத்து மணிக்கு 2 என்று போட்டால் எல்லாரும் மகிழ்ச்சியாகக் கொடுத்துவிட்டு இருந்துகொள்வார்கள். அடுத்த வேளைக்கு ஆள் இருக்கும் நாளில் அது உங்கள் அடுத்த வாடகையையே கெடுக்கும். முதல் ஒரு மணி நேரம் வரை மணிக் கட்டணம், அதைத் தாண்டினால் ஒரு முழு வேளை, 32.5. இதை ரசீதிலேயே அச்சடித்துவிடுங்கள்.

உடைசலுக்காக வாங்கும் திருப்பித் தரும் வைப்புத்தொகை வருமானம் ஆகாது, அது கடன். முன்பதிவுப் பணமும் நிகழ்ச்சி நடக்கும் ஆண்டில்தான் வரவு. இரண்டையும் வாங்கிய மாதத்திலேயே வரவு வைத்திருப்பதைப் பார்த்தேன். மாதக் கணக்கு ஏறி இறங்குவதற்குப் பாதிக் காரணம் அது. ரத்து செய்பவரிடம் பிடித்துக்கொள்ளும் தொகைக்கும் படி 6-இன் கணக்கே: அந்த நாள் மறுபடி நிரம்பாமல் போக எவ்வளவு வாய்ப்போ, 112-இல் அந்தப் பங்கு. ஆறு மாதம் முன்பு சொன்னால் மிகக் கொஞ்சம், இரண்டு வாரம் முன்பு சொன்னால் கிட்டத்தட்ட முழுவதும்.

படி 8: மூன்று மாதத்துக்கு ஒரு முறை

ஒரே ஒரு தாள் போதும். பிடிபட்ட வேளை எத்தனை, வழக்கமான ஆண்டில் இதே மூன்று மாதத்தில் எத்தனை. நிகழ்ச்சிச் செலவு போக வேளைக்கு எவ்வளவு நின்றது. நிற்கும் செலவு திட்டப்படி இருக்கிறதா. இரண்டாவது எண் 32.5-ஐ ஒட்டி இருந்து முதல் எண் மட்டும் குறைந்தால் வாடகை சரிதான், ஆள் வரவில்லை. அடுத்த ஆண்டு 240-க்குப் பதில் 228 வேளை நிரம்பினால் 12 × 32.5 = 390 குறையும். அந்த 390-ஐ மறு ஆண்டின் வாடகையில் சேர்க்காதீர்கள். தொடக்கத்தில் காட்டிய சுழலுக்குள் நுழையும் வாசல் அதுதான். வேளை எண்ணிக்கை சரியாக இருந்து, வேளைக்கு நிற்பது குறைந்தால் சலுகை கைமீறிப் போகிறது என்று பொருள். யார் கொடுத்தார்கள் என்று ரசீதைப் பாருங்கள்.

240 என்ற எண்ணையும் கல்வெட்டாக வைத்துக்கொள்ள வேண்டாம். தொடர்ந்து மூன்று ஆண்டு 220-ஐத் தாண்டவில்லை என்றால் அந்த ஊர்ச் சந்தை சுருங்கிவிட்டது; அப்போது வாடகையை ஏற்றுவதற்கு முன் நிரந்தர ஊழியர் எண்ணிக்கையைப் பார்க்கவேண்டும். 5,400-இல் 2,160 அங்கேதான் இருக்கிறது.

இந்த வாரமே இரண்டு காரியம் செய்யுங்கள். திருப்பி அனுப்பியவர்களை எழுத ஒரு தனி நோட்டு போடுங்கள். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் சாவி கொடுத்த நேரம், வாங்கிய நேரம், மீட்டர், ஜெனரேட்டர் மணி ஆகியவற்றை ரசீதின் பின்பக்கம் குறிக்கச் சொல்லுங்கள். மூன்று மாதம் கழித்து இரண்டையும் அனுப்பினால், நினைவிலிருந்து பிரித்த அந்த 36, 30, 42-ஐ நோட்டை வைத்துத் திருத்தி, மூன்று வாடகையையும் மறுபடி போட்டு அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் அடக்கவிலைக் கணக்கர்